ஏற்றுக்கொண்ட வேலைக்குத் தவணை: புதிதாக பிராஜெக்ட் எடுப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

பிராஜெக்ட் வேலைக்குப் பணத்தைத் தவணையாகப் பிரித்து வாங்குவது எல்லோரும் செய்வதுதான். அந்தத் தவணையை எதோடு இணைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது. "பாதி வேலை முடிந்ததும் 40 சதவீதம்" என்று எழுதினால், பாதி என்று யார் சொல்வது? "மாதக் கடைசியில் 30 சதவீதம்" என்று எழுதினால், மாதக் கடைசியில் கையில் எதுவும் வராத வாடிக்கையாளர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் கீழே குறிப்பிட்ட சில வேலைகளைப் பட்டியலிடுவது. ஒவ்வொரு வேலையையும் வாடிக்கையாளர் பார்த்து, "முடிந்தது, ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுத்தில் சொல்வது. பட்டியலில் உள்ள எல்லா வேலைகளும் ஏற்கப்பட்ட நாளில் அந்தத் தவணைக்கான இன்வாய்ஸ் போவது. இதை எப்படி அமைப்பது என்பதை ஒரே ஒரு பிராஜெக்ட்டை வைத்துச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த முறையை அரைகுறையாக அமைத்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஏற்புக் கடிதம் வந்தால்தான் பணம் என்று மட்டும் எழுதிவிட்டால், வாடிக்கையாளர் பதில் போடாமல் இருந்தாலே போதும், பணம் நின்றுவிடும். அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை, வேலைப்பளு அதிகமான மனிதராக இருந்தால் போதும். அதனால் கீழே சொல்லும் படிகளில், பதில் வராதபோது என்ன ஆகும் என்ற பகுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டு பிராஜெக்ட்

ஒரு பல் மருத்துவமனைக்கு, நோயாளிகள் தாங்களே நேரம் பதிவு செய்துகொள்ளும் இணையதளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கட்டணம் 100 பங்கு. அட்வான்ஸ் 20. அதன் பிறகு, திரைகளின் வடிவமைப்பு ஏற்கப்பட்டதும் 15, பதிவு செய்யும் பகுதி ஏற்கப்பட்டதும் 35, குறுஞ்செய்தி அனுப்புவதும் மருத்துவமனையின் சொந்த சர்வரில் ஏற்றுவதும் ஏற்கப்பட்டதும் 20. தளம் மக்கள் பயன்பாட்டுக்கு வந்து 30 நாள் ஓடிய பிறகு கடைசி 10.

அட்வான்ஸ் எந்த ஏற்போடும் இணைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேலையைத் தொடங்குவதற்கான பணம். நடுவில் இருக்கும் மூன்று தவணைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. அவற்றை முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்றே சொல்கிறேன். பட்டியலில் எழுதும்போது `M1`, `M2`, `M3`.

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு வாரம் இருப்பது நல்லது. அதைவிட நீண்டால் நீங்கள் பணமில்லாமல் அதிக நாள் வேலை செய்கிறீர்கள். ஒரு வாரத்துக்கும் குறைந்தால், வாடிக்கையாளர் எந்நேரமும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அப்புறம் சலித்துப்போய்ப் பார்க்காமலேயே ஏற்பார், பின்னால் வந்து சண்டை போடுவார்.

படி 1: வேலையைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்

இரண்டாம் கட்டத்துக்கு முதலில் மனதில் வரும் பட்டியல் இப்படி இருக்கும்: நேரம் பதிவு செய்வது, இரட்டைப் பதிவைத் தடுப்பது, பதிவை ரத்து செய்வது, வரவேற்பாளருக்கான அன்றைய பட்டியல், நோயாளிக்குக் குறுஞ்செய்தி. மொத்தம் ஐந்து. படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் "இரட்டைப் பதிவைத் தடுப்பது" முடிந்ததா இல்லையா என்று இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வர முடியுமா? ஒருவர் திரையில் எச்சரிக்கை வந்தால் போதும் என்பார். இன்னொருவர் அந்த நேரமே திரையிலிருந்து மறைய வேண்டும் என்பார்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் கீழே, வாடிக்கையாளர் தானே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையை எழுதுங்கள். இந்த வேலைக்கு நான் இப்படி எழுதுவேன்:

> இரண்டு கைபேசிகளில் ஒரே மருத்துவர், ஒரே நாள், ஒரே நேரத்தைத் திறந்து வைத்து, இரண்டிலும் பதிவு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். ஒன்றில் உறுதிச் செய்தி வர வேண்டும். மற்றதில் "இந்த நேரம் இப்போது காலியாக இல்லை" என்ற செய்தியும், அன்றைய மற்ற காலி நேரங்களும் வர வேண்டும். வரவேற்பாளர் பட்டியலில் ஒரே ஒரு பதிவு மட்டும் தெரிய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நிரல் தெரியாத ஒரு மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியும். அதுதான் அளவுகோல். "வேகமாக", "எளிதாக", "அழகாக", "தேவைப்படும் எல்லா வசதிகளும்" போன்ற சொற்கள் சோதனையில் வந்தால், அந்த வாக்கியம் இன்னும் எழுதி முடியவில்லை என்று அர்த்தம். வேகம் வேண்டுமா? எந்தப் பக்கம், எத்தனை வினாடி, எந்தக் கருவியில் என்று எழுதுங்கள்.

இந்தச் சோதனைகளை வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு எழுதும் சோதனை, நீங்கள் செய்ததற்குத் தகுந்தபடி வளைத்து எழுதியது போலத்தான் அவருக்குத் தெரியும்.

படி 2: வாடிக்கையாளர் கையில் இருப்பதைத் தனியே பிரியுங்கள்

மேலே சொன்ன ஐந்தில் குறுஞ்செய்தி மட்டும் வேறு ரகம். அதை அனுப்ப ஒரு சேவையில் மருத்துவமனையின் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். கணக்குக்கு ஆவணம் கொடுப்பது, கையெழுத்திடுவது எல்லாம் அவர்கள் வேலை. அது இரண்டு நாளில் நடக்கலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதை இரண்டாம் கட்டத்தில் விட்டால், மற்ற நான்கையும் முடித்துக் கொடுத்த பிறகும் 35 பங்கு முழுவதும் அந்த ஒரே வேலைக்காகக் காத்து நிற்கும்.

இந்த முறையில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒரு கட்டத்தில் உள்ள எல்லா வேலைகளும் ஏற்கப்பட்டால்தான் பணம் என்பதால், இருப்பதிலேயே மெதுவான வேலைதான் பணம் வரும் நாளைத் தீர்மானிக்கிறது. பட்டியலை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வேலையைப் பார்த்தும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை முடிக்க அவர்களிடமிருந்து எனக்கு ஏதாவது வர வேண்டுமா? ஆம் என்றால் அதைப் பிந்தைய கட்டத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் வேலையை இரண்டாக உடையுங்கள். எடுத்துக்காட்டாக, சோதனைக் கணக்கு வழியாக உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருவது ஒரு வேலை. மருத்துவமனையின் சொந்தக் கணக்குக்கு மாற்றுவது இன்னொரு வேலை. நம் எடுத்துக்காட்டில் குறுஞ்செய்தி முழுவதும் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் கட்டத்தில் மீதம் நான்கு வேலைகள்.

மூன்றாம் கட்டத்திலும் அவர்கள் தாமதித்தால் என்ன செய்வது என்று எழுதிவைக்க வேண்டும். "எங்கள் பக்க வேலை முடிந்து, உங்களிடமிருந்து வரவேண்டியதைக் கேட்டு எழுதிய பிறகு 15 வேலைநாள் வரை அது வராவிட்டால், அந்த வேலையின் பங்கு மட்டும் பிரிக்கப்பட்டு, மற்றவற்றுக்கான தவணை செலுத்தப்படும்" என்ற ஒரு வரி போதும். இதற்காகவே கட்டத்துக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பங்கு எழுதிவைப்பது பயன்படும். மூன்றாம் கட்டத்தின் 20-இல் குறுஞ்செய்திக்கு 8, சர்வரில் ஏற்றுவதற்கு 12 என்பது போல.

படி 3: யார் ஏற்கலாம், எத்தனை நாளில், பேசாமல் இருந்தால் என்ன

ஒப்பந்தத்தில் ஏற்பு என்ற தலைப்பில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்.

முதலாவது, ஏற்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு நபர், அவர் இல்லாத நாளில் இன்னொருவர். பதவியை மட்டும் எழுதாமல் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். என் தொடக்க காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் மேலாளர் ஒவ்வொரு வாரமும் போனில் "பிரமாதமா இருக்கு, அடுத்ததைப் பாருங்க" என்பார். நானும் அடுத்ததைப் பார்த்தேன். இன்வாய்ஸ் அனுப்பியபோது கணக்குப் பிரிவில் இருந்தவர், "வேலை ஏற்கப்பட்டதற்கான கடிதம் எங்கே?" என்று கேட்டார். மேலாளர் அதற்குள் வேறு பொறுப்புக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். இரண்டு மாதம் போனது. அவர்கள் யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஏற்பு என்றால் என்ன, அதை யார் தரவேண்டும் என்று நான் எழுதி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பார்த்துச் சொல்வதற்கான கெடு. இந்த அளவு பிராஜெக்ட்டுக்கு 5 வேலைநாள் போதும். பெரிய நிறுவனம் என்றால் 10 கேட்பார்கள், கொடுக்கலாம். திருத்திக் கொடுத்ததை மறுபடி பார்க்க 3 வேலைநாள்.

மூன்றாவது, மறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. எந்த வேலை, எந்தச் சோதனை, என்ன நடந்தது என்று எழுத்தில் வந்தால்தான் அது மறுப்பு. "இன்னும் திருப்தியில்லை" என்பது கருத்து மட்டுமே, அதனால் கெடு நிற்காது.

நான்காவதுதான் உயிர்நாடி. நான் பயன்படுத்தும் வரி இது:

> ஒப்படைப்பு மின்னஞ்சல் கிடைத்த நாளிலிருந்து 5 வேலைநாளுக்குள் எழுத்துபூர்வமான மறுப்பு வராவிட்டால், அதில் குறிப்பிட்ட வேலைகள் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். வாடிக்கையாளர் அந்த வேலையைத் தன் அன்றாடப் பயன்பாட்டில் கொண்டுவந்தாலும் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்பு தராமலேயே தளத்தை மக்களுக்குத் திறந்துவிட்டு, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லும் நிலை அதனால்தான் வருகிறது. இத்தகைய வரியை நீதிமன்றம் எந்த அளவுக்கு ஏற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே பெரிய தொகை என்றால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நடைமுறையில் இந்த வரியின் பெரிய பயன் வேறு: மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பும்போது, கெடு முடியும் தேதியை மரியாதையாகக் குறிப்பிட முடிகிறது. பெரும்பாலும் பதில் அன்றைக்கே வந்துவிடும்.

படி 4: "முடிந்தது" வேறு, "ஏற்கப்பட்டது" வேறு என்று பட்டியலில் காட்டுங்கள்

வேலைகளை எந்தக் கருவியில் வைத்திருந்தாலும் சரி, `Done` என்ற நிலை மட்டும் போதாது. அது நீங்கள் சொல்வது. அதற்குப் பிறகு `Submitted`, அதன் பிறகு `Accepted` என்று இரண்டு நிலைகள் வேண்டும். `Accepted` நிலைக்கு மாற்றுவது வாடிக்கையாளராக இருக்க வேண்டும். அவருக்கு உங்கள் கருவியில் கணக்கு இல்லையென்றால், அவர் அனுப்பிய மின்னஞ்சலின் தேதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு நீங்கள் மாற்றலாம். படி 3-இல் சொன்ன வரியின்படி ஏற்கப்பட்டதாகக் கொள்ளும்போது தவிர, மின்னஞ்சல் இல்லாமல் மாற்றாதீர்கள், ஒருமுறைகூட.

சாதாரண விரிதாளே போதும். A நெடுவரிசையில் வேலை, B-யில் கட்டம், C-யில் நிலை, D-யில் ஏற்பு தேதி. இன்வாய்ஸ் போடலாமா என்பதை வேறொரு நெடுவரிசையில் இந்தச் சூத்திரம் சொல்லிவிடும்:

```
=IF(AND(COUNTIFS(B:B,"M2")>0,COUNTIFS(B:B,"M2",C:C,"<>Accepted")=0),"Bill","Wait")
```

இரண்டாம் கட்டத்தில் ஏற்கப்படாத வேலை ஒன்றுகூட இல்லை என்றால் `Bill`, இருந்தால் `Wait`. முதல் நிபந்தனை எதற்கு என்றால், எல்லா வரிகளிலும் கட்டத்தின் பெயரை யாராவது `M 2` என்று தவறாக அடித்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால், வேலையே இல்லாத கட்டத்துக்கு `Bill` என்று காட்டும். நிலை எழுதாமல் காலியாக விட்ட வேலையும் ஏற்கப்படாததாகவே எண்ணப்படும். அது நமக்கு வேண்டியதும்தான்.

படி 5: ஒப்படைப்பது

இப்போது இரண்டாம் கட்டத்தை நடத்திப் பார்ப்போம். நான்கு வேலைகளும் உங்கள் பக்கம் சோதித்து முடிந்துவிட்டன. திங்கட்கிழமை காலை ஒப்படைப்பு மின்னஞ்சல் போகிறது:

> வணக்கம். இரண்டாம் கட்டத்தின் நான்கு வேலைகளையும் உங்கள் பார்வைக்கு ஒப்படைக்கிறோம். சோதனைத் தளத்தில் உள்ள பதிப்பு 0.2.0. ஒவ்வொரு வேலைக்குமான சோதனையை இணைத்துள்ளோம்; செய்துபார்க்க 10 மாதிரிப் பதிவுகளை ஏற்றிவைத்திருக்கிறோம். வேலைவாரியாக ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள். பார்வைக் காலம் வெள்ளிக்கிழமை மாலையுடன் முடிகிறது.

பதிப்பு எண்ணைக் கட்டாயம் போடுங்கள். அவர் எதைப் பார்த்து ஏற்றார் என்பது பின்னால் தெரிய வேண்டும். பார்வைக் காலம் முடியும்வரை அந்தச் சோதனைத் தளத்தில் கை வைக்காதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டத்தின் நிரலை அதில் ஏற்றிவிட்டு, ஏதாவது உடைந்து, நன்றாக இருந்த வேலையும் மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த கட்டத்துக்கு வேறொரு தளம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பதிலைப் பிரித்துப் பார்ப்பது

புதன்கிழமை பதில் வருகிறது. முதல் இரண்டு வேலைகளும் ஏற்கப்பட்டன. மீதியில் மூன்று குறிப்புகள்: ரத்து செய்த நேரம் மறுபடி காலியாகக் காட்டவில்லை, ரத்து பொத்தானில் எழுத்துப்பிழை, அன்றைய பட்டியலில் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு நிறம் இருந்தால் நன்றாக இருக்கும்.

மூன்றும் ஒரே மின்னஞ்சலில் ஒரே தொனியில் வந்திருந்தாலும் மூன்றும் வேறு வேறு. முதலாவது, எழுதிய சோதனையில் உள்ளது, அது நடக்கவில்லை. எனவே ரத்து செய்யும் வேலை மறுக்கப்பட்டது. வாதாடாமல் திருத்த வேண்டும். இரண்டாவது சிறு குறை. அதனால் எந்தச் சோதனையும் தோற்கவில்லை. இத்தகையவற்றைக் குறிப்போடு ஏற்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: குறை பட்டியலில் ஏறும், அடுத்த கட்டத்துக்குள் சரிசெய்யப்படும், தவணையை நிறுத்தாது. மூன்றாவது எந்தச் சோதனையிலும் இல்லை. அது புதிய வேலை. எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று தனியாக எழுதி அனுப்ப வேண்டும்; அன்றைய பட்டியல் என்ற வேலை இதனால் நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது வகையில்தான் மனம் தடுமாறும். நிறம் போடுவது அரை மணி நேர வேலை. சும்மா செய்துகொடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்துகொடுங்கள், தவறில்லை. ஆனால் கட்டணம் பூஜ்யம் என்று போட்டு, மாற்றக் கோரிக்கையாக எழுதி, வேறொரு வரியாகப் பட்டியலில் சேர்த்துச் செய்யுங்கள். ஏற்புக்கு நிற்கும் வேலைக்குள்ளேயே அதை நுழைத்தால், அதன் சோதனை மாறிவிட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த வாரம் நிறம் சரியில்லை என்று அதே வேலை மறுக்கப்படும்.

அன்றைக்கே இப்படிப் பிரித்து எழுதிப் பதில் அனுப்புகிறீர்கள். அவர் அன்றைய பட்டியலை ஏற்கிறார். வெள்ளிக்கிழமை ரத்து செய்யும் வேலையைத் திருத்தி, பதிப்பு 0.2.1 என்று அதை மட்டும் ஒப்படைக்கிறீர்கள். ஏற்கெனவே ஏற்கப்பட்ட மூன்றும் மறுபடி பார்வைக்குப் போகாது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஏற்பு வருகிறது. சூத்திரம் `Bill` என்று மாறுகிறது.

படி 7: அதே நாளில் இன்வாய்ஸ்

இன்வாய்ஸில் வேலைகளின் பெயரும் ஒவ்வொன்றும் ஏற்கப்பட்ட தேதியும் இருக்கட்டும். ஏற்பு மின்னஞ்சலை இணைத்துவிடுங்கள். பணம் கொடுக்கும் மேசையில் இருப்பவர் உங்கள் வேலையைப் பார்த்ததே இல்லை, அவருக்கு வேண்டியது தேதியும் ஆதாரமும்தான். பணம் செலுத்தும் கெடு இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓடும், இங்கே 10 நாள் என்று வைத்திருக்கிறோம். ஏற்பு என்பது பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே, பணம் வந்ததாக ஆகாது. எனவே, கெடு தாண்டினால் அடுத்த கட்ட வேலையை நிறுத்திவைக்கலாம் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பார்வைக் காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, மூன்றாம் கட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் இரண்டாம் கட்டம் ஏற்கப்படாத நிலையில் மூன்றாம் கட்டத்தை ஒப்படைக்கும் அளவுக்குப் போகாதீர்கள். இரண்டு கட்டங்களின் பணம் ஒரே சமயத்தில் வெளியே நிற்பது சின்னக் குழுவுக்குத் தாங்காது.

ஏற்ற பிறகு பிழை தெரிந்தால்

மூன்றாம் கட்டமும் முடிந்து தளம் ஓடத் தொடங்குகிறது. பன்னிரண்டாம் நாள், ஒரு நோயாளி மாலையில் ரத்து செய்த நேரம் மறுநாள் காலைவரை காலியாகக் காட்டவில்லை என்று தெரிகிறது. ரத்து செய்யும் வேலை ஏற்கப்பட்டு வாரங்கள் ஆகின்றன. இப்போது என்ன செய்வது?

பழைய வேலையை `Accepted`-இலிருந்து பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் பணம் வாங்கிய ஒரு தவணை திடீரென்று கணக்கில் முடியாததாகக் காட்டும், ஏற்பு தேதியும் குழம்பும். புதிய வரி ஒன்று போடுங்கள், பழைய வேலையின் எண்ணை அதில் குறிப்பிடுங்கள், இலவசமாகத் திருத்துங்கள். கடைசி 10 பங்கு இதற்காகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் சோதனை எழுதியிருக்க வேண்டும்: தளம் திறந்த 30 நாளில் அறிவிக்கப்பட்டு, பதிவு செய்வதையோ ரத்து செய்வதையோ தடுக்கும் பிழை எதுவும் 30-ஆம் நாள் முடிவில் திருத்தப்படாமல் இருக்கக் கூடாது. "எந்தப் பிழையும் இல்லாமல் 30 நாள் ஓட வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஒவ்வொரு பிழையும் நாட்களை முதலிலிருந்து எண்ண வைக்கும், அந்த 10 பங்கு வரவே வராது.

பன்னிரண்டாம் நாள் தெரிந்த பிழை பதினான்காம் நாள் திருத்தப்படுகிறது. முப்பதாம் நாள் திறந்த நிலையில் எதுவும் இல்லை. முப்பத்தொன்றாம் நாள் காலை, அந்தச் சோதனையையும் பிழைப் பட்டியலையும் இணைத்துக் கடைசி ஒப்படைப்பு மின்னஞ்சல் போகிறது. அதற்கும் அதே 5 வேலைநாள்தான்.